தொட்டுப் பார்க்காத வாடிக்கையாளருக்குச் சரக்கு விவரம் – ஒரு கைத்தறிக் குர்தாவின் கணக்கு

ஜவுளிக் கடைக்கு வருகிற வாடிக்கையாளர் துணியை விலை கேட்டு வாங்குவதற்கு முன் நான்கு வேலை செய்வார். விரலால் கசக்கிப் பார்ப்பார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய் நிறம் பார்ப்பார். கையை உள்ளே விட்டு வெளியே தெரிகிறதா என்று பார்ப்பார். தோள்மேல் வைத்து அளவு பார்ப்பார். இந்த நான்கும் முடிந்த பிறகுதான் பேரம். கம்ப்யூட்டர் வழியாகவும் செல்போன் வழியாகவும் நடக்கிற ஆன்லைன் கடையில் இந்த நான்கில் ஒன்றுகூட நடப்பதில்லை. படத்துக்குக் கீழே நாம் எழுதி வைக்கிற பத்துப் பதினைந்து வரிகள்தான் அவருக்கு விரல், வெளிச்சம், கண்ணாடி எல்லாம்.

நமது உறுப்பினர்களில் பலருடைய பிள்ளைகள் இன்று ஆன்லைனில் கடை வைத்திருக்கிறார்கள். மளிகைக் கடைக்காரர் வீட்டிலும் ஒரு மூலையில் சுடிதாரோ, செக்கு எண்ணெயோ, குர்தாவோ பார்சல் கட்டப்படுகிறது. சரக்கு விவரம் எழுதுவதைப் பலரும் விளம்பர வாசகம் எழுதுவதுபோல் நினைத்துக்கொள்கிறார்கள். நாற்பது ஆண்டுகளாக ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அது விளம்பரம் அல்ல. கொள்முதல் பில்லில் எழுதுகிற விவரத்துக்கு எவ்வளவு பொறுப்பு உண்டோ அவ்வளவு பொறுப்பு அதற்கும் உண்டு. என் அக்கா மகன் விற்ற ஒரு கைத்தறிக் குர்தாவை வைத்தே இதைச் சொல்லிவிடுகிறேன். (நம் பக்கத்துப் பெரியவர்கள் ஜிப்பா என்றே சொல்வார்கள். இன்று கடையில் கேட்பது குர்தா என்ற பெயரில்தான். ஆகவே அப்படியே வைத்துக்கொள்வோம்.)

துணி மங்களகிரி ரகம். ஆந்திரத்தில் குண்டூர் மாவட்டத்தில், விஜயவாடாவுக்குப் பக்கத்தில் உள்ள ஊர் மங்களகிரி. அங்கே குழித்தறியில் நெய்கிற புடவையும் தான் துணியும் நெடுநாளாகப் பெயர் பெற்றவை. புவிசார் குறியீடும் வாங்கியவை. உடலில் பூ வேலை எதுவும் இருக்காது. வெறும் நெசவின் அழுத்தத்துக்கும் நிறத்துக்கும்தான் மதிப்பு. மாப்பிள்ளைப் பையன் கூட்டுறவுச் சங்கத்தில் பில் போட்டுத் துணி வாங்கி, எங்கள் தையல்காரரிடம் கொடுத்து ஆண்களுக்கான குர்தா தைத்தான். விலை 1,350 ரூபாய். செலவெல்லாம் போக ஒரு குர்தாவுக்கு 240 ரூபாய் நிற்க வேண்டும். அவன் எழுதியிருந்த விவரம் இவ்வளவுதான்: "தூய கைத்தறி, 100 சதவீதம் காட்டன், மிக மிருதுவானது, சுருங்காது, சாயம் போகாது. மார்பு 44, நீளம் 42. எல்லாக் காலத்துக்கும் ஏற்றது."

முதல் சரக்கில் 40 குர்தா விற்றது, 11 திரும்பி வந்தது. ஒன்று திரும்பி வந்தால் போன கூரியருக்கு 80, வந்த கூரியருக்கு 80, மறுபடி இஸ்திரி போட்டுப் பொதிவதற்கு 30, ஆக 190 ரூபாய் கையை விட்டுப் போகிறது. 29 குர்தாவில் வந்த லாபம் 6,960. அதில் 2,090 திரும்பி வந்த சரக்குக்கே போய்விட்டது. 9,600 நிற்க வேண்டிய இடத்தில் 4,870 நின்றது. "மாமா, ஆன்லைன்ல ஜனங்க சும்மாவே திருப்பி அனுப்புவாங்க, இதெல்லாம் சகஜம்" என்றான். நான் திருப்பி அனுப்பியவர்கள் எழுதிய காரணங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி வாங்கினேன். மார்பு பிடிக்கிறது என்று மூன்று பேர். முதல் சலவையில் சுருங்கிவிட்டது என்று இரண்டு பேர். படத்தில் பார்த்த நிறம் இல்லை என்று மூன்று பேர். துணி மெலிது, உள்ளே தெரிகிறது என்று இரண்டு பேர். ஓரத்தில் பொடிப் பொடியாக ஓட்டை, பழைய துணி என்று ஒருவர். பதினொருவரில் ஒருவர்கூடச் சும்மா அனுப்பவில்லை. துணியிலும் குற்றமில்லை, தையலிலும் குற்றமில்லை. எழுதிய விவரத்தில்தான் குற்றம்.

மார்பு அளவை முதலில் எடுத்துக்கொள்வோம். "மார்பு 44" என்று எழுதினால் அது உடம்பின் அளவா, குர்தாவின் அளவா? எங்கள் தையல்காரர் 40 அங்குல மார்பு உள்ளவருக்குத் தளர்வாக இருக்கட்டும் என்று நான்கு அங்குலம் கூட்டி 44 சுற்றளவு வைத்துத் தைத்திருக்கிறார். அது சரியான முறைதான். குர்தா சட்டையைப் போல் முழுக்கத் திறக்காது, தலை வழியாகப் போட வேண்டியது. கைத்தறிப் பருத்தி, பனியன் துணிபோல் இழுத்தால் கொடுக்கவும் கொடுக்காது. ஆகவே நான்கிலிருந்து ஆறு அங்குலம் வரை தளர்வு வேண்டும். ஆனால் 44 என்று படித்தவர்களில் 44 அங்குல உடம்புக்காரர்களும் வாங்கிவிட்டார்கள். அவர்களுக்கு அது உடம்போடு ஒட்டிக்கொண்டது. தலை நுழைந்தாலே பெரிது.

இதற்கு மருந்து இரண்டு எண்ணையும் எழுதுவதுதான். உடம்பு இவ்வளவு, குர்தா இவ்வளவு என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். அதோடு வாங்குபவர் வீட்டிலேயே சரிபார்க்க ஒரு வழியும் சொல்ல வேண்டும். தனக்குச் சரியாக இருக்கிற ஒரு பழைய குர்தாவை மேசையில் சுருக்கமில்லாமல் பரப்பி, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை நேராக அளக்கச் சொல்லுங்கள். நம் குர்தாவில் அந்த அளவு 22 அங்குலம். அவர் வீட்டுக் குர்தாவும் 22 வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். உடம்பை டேப் வைத்து அளப்பதில் ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு அங்குலம் மாறும். பரப்பி வைத்த துணியில் அவ்வளவு மாறாது. எம், எல் என்று வெறும் எழுத்தை மட்டும் போடாதீர்கள். ஒரு கம்பெனியின் எல் இன்னொரு கம்பெனியின் எம். எழுத்தோடு சென்டிமீட்டர் அளவும் சேர்ந்து வருவதுதான் சட்டத்துக்கும் நல்லது. படத்தில் குர்தா போட்டு நிற்கிற பையனின் உயரமும், அவன் போட்டிருப்பது எந்த அளவு என்பதும் ஒரு வரியில் இருந்தால், நீளம் முழங்காலுக்கு மேலா கீழா என்ற கேள்வியே வராது.

அடுத்தது சுருக்கம். இதில்தான் எங்கள் பையன் பெரிய வம்பை விலைக்கு வாங்கியிருந்தான். "சுருங்காது" என்று எழுதியிருந்தானே, அந்த ஒரு சொல்தான் வம்பு. தறியில் பாவு நூல் கஞ்சி போட்டு விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். நெய்து முடித்து, தண்ணீரில் நனைத்த மறு நிமிடம் அந்த நூல் தன் இயல்புக்குத் திரும்பப் பார்க்கும். ஆகவே நீளவாக்கில் அதிகமாகவும் அகலவாக்கில் குறைவாகவும் துணி உள்ளே இழுக்கும். மில் துணியில் இந்தச் சுருக்கத்தை எந்திரத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுவது உண்டு. கைத்தறித் துணி பெரும்பாலும் அந்த எந்திரத்துக்குப் போவதில்லை. ஆகவே, எந்தக் கைத்தறிக் காட்டனும் முதல் சலவையில் ஓரளவு சுருங்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டாம். அரை நாள் வேலைதான். தானிலிருந்து ஒரு மீட்டர் வெட்டி, நடுவில் நீளம் 50, அகலம் 50 சென்டிமீட்டர் சதுரமாக வேறு நிற நூலால் தையல் ஓட்டிக் குறி வையுங்கள். வீட்டில் எப்படித் துவைப்பார்களோ அப்படியே ஊறவைத்துத் துவைத்து, நிழலில் உலர்த்தி, மேலோட்டமாக இஸ்திரி போட்டு மறுபடி அளவுங்கள். எங்கள் துணியில் நீளம் 48 ஆகவும் அகலம் 49 ஆகவும் வந்தது. நீளத்தில் நூற்றுக்கு நான்கு, அகலத்தில் நூற்றுக்கு இரண்டு. 42 அங்குல நீளக் குர்தா ஒரு சலவையில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் அங்குலம் ஏறிவிடும். 44 அங்குலச் சுற்றளவில் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் போய்விடும். ஏற்கெனவே இறுக்கமாக வாங்கியவருக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விவரத்தில் "சுருங்கும்" என்று எழுதி விற்கலாம். ஆனால் அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் பெரிய அளவாகக் கேட்பார்கள்? நாங்கள் வேறு வழிக்குப் போனோம். வெட்டுவதற்கு முன்பே தானை ஓர் இரவு வெறும் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் வடியவிட்டு, நிழலில் உலர்த்தினோம். 100 மீட்டர் 96 மீட்டர் ஆனது. மீட்டர் 220 ரூபாய் துணி 229 ரூபாய் ஆனது. குர்தா ஒன்றுக்கு இரண்டரை மீட்டர் என்றால் 23 ரூபாய், தண்ணீரில் போட்ட கூலி 10 ரூபாய், ஆக 33 ரூபாய் கூடுதல். ஒரு குர்தா திரும்பி வந்தால் போகிற 190 ரூபாயோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தைத்த பிறகு மறுபடி சலவை செய்து பார்த்தோம். நூற்றுக்கு ஒன்றுக்கு உள்ளாகத்தான் மாற்றம் இருந்தது. இப்போது "வெட்டுவதற்கு முன் நனைத்துச் சுருக்கம் எடுத்த துணி, மேலும் நூற்றுக்கு ஒன்று வரை சுருங்கலாம்" என்று தைரியமாக எழுத முடிகிறது. எண் போட்டு எழுதுகிற கடைக்காரரை வாடிக்கையாளர் நம்புகிறார்.

மெலிது என்று திருப்பியவர்கள் விஷயம் வேறு. இந்தத் துணி 80ஆம் நம்பர் நூலில் நெய்தது. மளிகைக் கடைக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். முந்திரியில் 180, 320 என்று நம்பர் சொல்கிறோம் அல்லவா? ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை பருப்பு என்பதுதான் அந்த நம்பர். ஆகவே நம்பர் ஏற ஏறப் பருப்பு சிறிது. நூலும் அதே பவுண்டுக் கணக்குத்தான். 840 கஜம் கொண்ட சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்பதே நூலின் நம்பர். 80 சிட்டம் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு என்றால் நூல் எவ்வளவு மெலிது என்று புரியும். வித்தியாசம் ஒன்றுதான். முந்திரியில் நம்பர் ஏறினால் விலை இறங்கும், நூலில் நம்பர் ஏறினால் விலை ஏறும்.

ஆனால் வாடிக்கையாளருக்கு 80ஆம் நம்பர் என்றால் ஒன்றும் விளங்காது. அவருக்குத் துணியின் எடையைச் சொல்ல வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதை ஜவுளித் துறையில் ஜி.எஸ்.எம். என்பார்கள். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை, மளிகைக் கடைத் தராசே போதும். நனைத்துக் காய்ந்த துணியில் 10 மீட்டரை மடித்துத் தராசில் வையுங்கள். எங்களுக்கு 660 கிராம் வந்தது. அகலம் 1.10 மீட்டர் என்பதால் 10 மீட்டர் துணி 11 சதுர மீட்டர். 660ஐ 11ஆல் வகுத்தால் 60 கிராம். கஞ்சியோடு இருக்கிற துணியை நிறுக்கக் கூடாது, கஞ்சியின் எடையும் சேர்ந்து வரும். சாதாரணச் சட்டைத் துணி 100 கிராமுக்கு மேல் நிற்கும். ஆகவே 60 என்பது நல்ல மெலிசு. வெயிலுக்கு அது சுகம். வெளிர் நிறத்தில் உள்ளே தெரியும் என்பதும் அதே அளவு உண்மை. "எல்லாக் காலத்துக்கும் ஏற்றது" என்று எழுதியதைத் தூக்கிவிட்டு, "மெல்லிய வேனிற்காலத் துணி, வெளிர் நிறங்களில் உள்ளே பனியன் அணிய வேண்டும்" என்று எழுதினோம். அந்த வரியைப் பார்த்து வாங்காமல் போகிறவர் போகட்டும். அவர் வாங்கினாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பார்.

நிறத்துக்கு வருவோம். மூன்று பேரும் வாங்கியது மயில்கழுத்து நிறம். அது ஒரு நிறமே அல்ல. பாவு நீலம், ஊடை பச்சை. இரண்டும் கலந்து அசைகிற பக்கத்துக்கு ஒரு நிறம் காட்டும். பையன் இரவில் மஞ்சள் விளக்கின் கீழ் படம் எடுத்திருக்கிறான். படத்தில் பச்சை மட்டும்தான் விழுந்தது, நீலம் செத்துப்போனது. இப்போது காலையில் திண்ணை நிழலில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுக்கிறான். படத்தில் தாள் வெள்ளையாகத் தெரிந்தால் துணியின் நிறமும் ஏறக்குறையச் சரியாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் மறுபடி எடுக்க வேண்டும். அதற்கு மேலும் ஒவ்வொருவர் செல்போன் திரையும் ஒவ்வொரு விதம் என்பதால் வார்த்தையிலும் சொல்லிவிட வேண்டும். நம் மக்களுக்கு அரக்கு, கத்தரிப்பூ, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் என்றால் கண்முன் நிற்கும். வெறுமனே "சிவப்பு" என்று போட்டால் பத்துப் பேர் பத்து நிறத்தை நினைப்பார்கள்.

ஓரத்தில் ஓட்டை என்று ஒருவர் எழுதினாரே, அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. நெய்கிறபோது துணி உள்ளே குறுகாமல் இருக்க அகலவாக்கில் ஒரு கோலைக் கொடுத்து விரித்துப் பிடிப்பார்கள். அதன் இரு முனையிலும் உள்ள ஊசிகள் கரையோரத்தில் வரிசையாகப் பொடித் துளை விடும். எங்கள் குர்தாவில் பக்கத் தையலின் உட்புறத்தில் அந்தக் கரை வருகிறது. வெளியே தெரியாது. தெரிந்தவர்கள் இதைக் கைத்தறியின் அடையாளமாகப் பார்ப்பார்கள். முழு அடையாளமும் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். விசைத்தறியிலும் ஓரத்தைப் பிடிக்கிற ஊசி வளையங்கள் உண்டு, அவையும் தடம் விடும். ஆகவே துளையை மட்டும் பார்த்துக் கைத்தறி என்று முடிவு செய்து எழுதிவிடக் கூடாது. கைத்தறி என்று எழுத எனக்கு ஆதாரம், சங்கத்தின் பில்லும் துணியோடு வந்த கைத்தறி முத்திரையும்தான். அந்த முத்திரை 2006இல் மத்திய அரசு கொண்டுவந்தது. ஆதாரம் கையில் இல்லாத துணிக்குக் "காட்டன் குர்தா" என்று மட்டும் எழுதுவது நல்லது.

இதோடு சேர்ந்த இன்னொரு சொல் கதர். கைத்தறியும் கதரும் ஒன்று என்று நினைத்துப் பலர் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள். கைத்தறியில் மில் நூலைக் கையால் நெய்வார்கள். கதரில் நூலும் கையால் நூற்றதாக இருக்க வேண்டும். கதர் முத்திரைக்கு 2013 முதல் தனி விதிகளே இருக்கின்றன. முத்திரை இல்லாமல் அந்தச் சொல்லைச் சரக்கின்மேல் போடுவது வீண் வழக்கை வீட்டுக்கு அழைப்பது. அதுபோலவே மங்களகிரி என்ற பெயரும். விசைத்தறியில் ஓட்டிய துணிக்கு அந்தப் பெயரைப் போட்டு விற்பவர்கள் சந்தையில் இருக்கிறார்கள். விலையைக் கேட்டாலே தெரிந்துவிடும். புவிசார் குறியீடு பெற்ற பெயர் அது.

"சிறு குறைகள் கைத்தறிக்கே உரிய அழகு" என்று ஒரு வாசகம் இப்போது எல்லாக் கடையிலும் ஓடுகிறது. எனக்கு அந்த வாசகத்தில் நம்பிக்கையில்லை. அங்கங்கே ஒரு நூல் சற்றுத் தடித்திருப்பது, ஒரு சிறு முடிச்சு, ஊடை மாறுகிற இடத்தில் நிறம் இலேசாக ஏறி இறங்குவது, இவை கை நெசவில் வரும். ஆனால் ஓட்டை, எண்ணெய்க் கறை, விரற்கடை நீளத்துக்கு நூல் அறுந்து விட்ட கோடு, இவை பழுது. பழுதை அழகு என்று எழுதி விற்றால் அந்த வாசகம் கடைக்காரரைக் காப்பாற்றாது. வருகிறவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள், பழுதுள்ள உருப்படியைத் தனியே எடுத்து வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் இங்கேயே பார்த்துவிடுவோம். 2020இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விற்பவர் போடுகிற விவரமும் படமும் சரக்கின் தோற்றத்துக்கும் தன்மைக்கும் தரத்துக்கும் ஒத்திருக்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மை சரக்கில் இல்லை என்றால் திரும்ப எடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது, பணத்தைத் தர மாட்டேன் என்றும் சொல்ல முடியாது. துவைத்துச் சுருங்கிப்போன இரண்டு குர்தாவையும் நாங்கள் வாய் பேசாமல் எடுத்துக்கொண்டது இதனால்தான். "சுருங்காது" என்று எழுதியது எங்கள் கைதானே? எடையளவுச் சட்டத்தின் கீழ் தயாரித்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டுச் சரக்கு, அதிகபட்ச சில்லறை விலை போன்றவையும் பொட்டலத்தில் மட்டுமல்லாமல் திரையிலும் தெரிய வேண்டும். இது 2018 ஜனவரி முதலே வந்துவிட்ட வழக்கம்.

கடைசியாகச் சலவை. "சாயம் போகாது" என்பதும் சோதிக்காமல் எழுதக் கூடாத சொல். ஒரு துண்டுத் துணியை வெள்ளைத் துணியோடு சேர்த்துச் சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு இன்னொரு வெள்ளைத் துணியை ஈரப்படுத்தி, இருபது தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். எங்கள் துணிகளில் மயில்கழுத்தும் மாம்பழ மஞ்சளும் சுத்தமாக நின்றன. அரக்கு மட்டும் முதல் இரண்டு தண்ணீரில் இலேசாக விட்டது, மூன்றாம் தண்ணீரில் நின்றுவிட்டது. அதாவது இழையில் பிடிக்காமல் மேலாக ஒட்டியிருந்த சாயம் கழிந்துவிட்டது. ஆகவே அரக்கை மட்டும் கூடுதலாக இரண்டு தண்ணீர் அலசிய பிறகே தைக்கிறோம்.

கல் உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம் வீடுகளில் நெடுநாள் பழக்கம் உண்டு. சாயப்பட்டறையில் உப்புப் போடுவது சாயம் தண்ணீரிலிருந்து நூலுக்கு ஏறுவதற்காக. ஏறி முடிந்து, நெய்து, தைத்த துணியில் உப்பு சாயத்தைப் பூட்டிவிடாது. அலசுவதால் மேல் சாயம் கழிகிறது, பெயர் உப்புக்குப் போகிறது. ஆகவே விவரத்தில் உப்பு பற்றி எழுதவில்லை. வாடிக்கையாளர் வீட்டில் உண்மையில் செய்யக்கூடியதை மட்டும் எழுத வேண்டும். "டிரை கிளீனிங் மட்டும்" என்று 1,350 ரூபாய்க் குர்தாவுக்குப் போட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். காட்டனுக்கு அது தேவையும் இல்லை.

இத்தனையும் பார்த்தபின் மாப்பிள்ளைப் பையனும் நானும் உட்கார்ந்து எழுதிய விவரம் இது. நீளம் என்று தோன்றலாம். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அளந்து பார்த்த ஒரு கணக்கு இருக்கிறது.

"ஆண்கள் குர்தா, மங்களகிரி கைத்தறிக் காட்டன், மயில்கழுத்து நிறம். ஆந்திர மாநிலம் மங்களகிரியில் குழித்தறியில் நெய்த துணி. கைத்தறி முத்திரை பெற்றது. முழுவதும் பருத்தி, 80ஆம் நம்பர் நூல். எடை சதுர மீட்டருக்கு 60 கிராம்: மெல்லிய வேனிற்காலத் துணி. இந்த நிறத்தில் உள்ளே தெரியாது. இதே துணியின் வெளிர் நிறங்களுக்குப் பனியன் தேவை. பாவு நீலம், ஊடை பச்சை: வெயிலில் பச்சையும் நிழலில் நீலமும் தூக்கலாகத் தெரியும்.

அளவு எம்: உங்கள் மார்பு 40 அங்குலம் (102 செ.மீ.) வரை. குர்தாவின் மார்புச் சுற்றளவு 44 அங்குலம் (112 செ.மீ.), பரப்பி வைத்து அக்குளுக்கு அக்குள் 22 அங்குலம் (56 செ.மீ.). நீளம் 42 அங்குலம் (107 செ.மீ.). உங்களுக்குச் சரியாக உள்ள ஒரு குர்தாவைப் பரப்பி அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். வெட்டுவதற்கு முன் நனைத்துச் சுருக்கம் எடுத்த துணி. மேலும் நூற்றுக்கு ஒன்று வரை சுருங்கலாம்.

முதல் சலவை தனியாக, குளிர்ந்த தண்ணீரில். பிறகு ஒத்த நிறங்களோடு சேர்க்கலாம். மென்மையான சோப்பு போதும், பிளீச்சிங் கூடாது. முறுக்கிப் பிழியாமல், உட்புறம் வெளியே திருப்பி நிழலில் உலர்த்தவும். சற்று ஈரமிருக்கும்போதே இஸ்திரி போட்டால் சுருக்கம் எளிதில் போகும். கஞ்சி போட்டு நெடுநாள் மடித்து வைக்க வேண்டாம், பூச்சி அரிக்கும்.

அங்கங்கே நூல் தடிப்பும் சிறு முடிச்சும் இருக்கும். பக்கத் தையலின் உள்ளே கரையோரமாக ஊசித் துளைகள் தெரியும். அவை நெசவில் வருபவை. ஓட்டை, கறை, அறுந்த நூல் இருந்தால் எங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்."

இந்த விவரத்தோடு இரண்டாவது சரக்கிலும் 40 குர்தாவே போட்டோம். விற்று முடிய முன்னைவிடப் பன்னிரண்டு நாள் கூடுதலாக ஆனது. பையனுக்கு அதில் கொஞ்சம் முகம் வாடியது உண்மை. திரும்பி வந்தது மூன்று. ஒருவருக்கு அளவு, ஒருவர் ஊரில் இல்லை, ஒன்று எங்கள் பக்கமே அளவு மாற்றிப் பொதிந்தது. குர்தாவுக்கு 33 ரூபாய் கூடுதல் செலவு போக 207 ரூபாய் வீதம் 37 குர்தாவுக்கு 7,659. மூன்று திரும்பியதற்கு 570 கழித்தால் 7,089 நின்றது.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த எண்கள் இந்தத் தானுக்கு உரியவை. அடுத்த முறை வேறு தறியிலிருந்து, வேறு சாயத் தொட்டியிலிருந்து துணி வரும். நீலம் ஒரு பிடி கூடியிருக்கலாம், சுருக்கம் நூற்றுக்கு ஐந்து இருக்கலாம். போன மாதம் வந்த தானை நிறுத்துப் பார்த்தோம், 64 கிராம் வந்தது. பழைய படத்தையும் பழைய விவரத்தையும் அப்படியே விட்டுவிடாமல், ஒரு மீட்டர் வெட்டி நனைக்கப் போட்டிருக்கிறான். காய்ந்ததும் அளந்து எண்களை மாற்ற வேண்டும்.